பக்கேஜ் முடிந்த இரவில் கழிந்த பணம்
தொலைபேசிக் கம்பனிக்கு முறைப்பாடு எழுதுவது எப்படி?

இரவு படுக்கும்போது கைத்தொலைபேசியில் ஐந்நூறு ரூபா மீதி இருந்தது. காலையில் பார்த்தால் அறுபது ரூபா. யாரும் பேசவில்லை, யாரும் படம் பார்க்கவில்லை. தொலைபேசி மூலையில் சார்ஜில் கிடந்தது. கடைக்காரரைக் கேட்டால் “டேட்டா போயிருக்கும்” என்கிறார். கம்பனியின் இலக்கத்துக்கு அழைத்தால், நீண்ட நேரம் பாட்டுக் கேட்டபின், “உங்கள் டேட்டா ஓனில் இருந்திருக்கிறது” என்று ஒருவர் சொல்லி வைத்துவிடுகிறார். பலருடைய முறைப்பாடு அந்த இடத்திலேயே முடிந்துபோகிறது.

மரக்கறிச் சந்தை விலை கேட்பதற்கும், பிள்ளைகளின் பாடங்களுக்கும், வேறு ஊர்களில் சிதறியிருக்கும் உறவுகளுடன் பேசுவதற்கும் இன்று இந்தத் தொலைபேசிதான் இருக்கிறது. ஐந்நூறு ரூபா என்பது குத்தகைக் காணியில் பயிர் செய்யும் குடும்பத்துக்குச் சிறு தொகை அல்ல. ஆகவே அந்தப் பணம் எங்கே போனது என்பதைக் கம்பனியிடமிருந்து எழுத்தில் பெறுவதற்கு எவ்வாறு கடிதம் எழுதுவது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

பக்கேஜ் முடிந்தபின் என்ன நடக்கிறது?

முற்கொடுப்பனவு இணைப்பில், அதாவது காட் போட்டுப் பாவிக்கும் இணைப்பில், இரண்டு பைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிரதான மீதி. நாம் ரீலோட் செய்யும் காசு அதில் விழுகிறது. மற்றது டேட்டா பக்கேஜ். அதற்கு ஓர் அளவும் ஒரு காலமும் உண்டு. பக்கேஜ் உயிரோடு இருக்கும்வரை தொலைபேசி இணையத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் இந்த இரண்டாவது பையிலிருந்துதான் எடுக்கும்.

பக்கேஜின் அளவு தீர்ந்தாலும் சரி, அளவு மிச்சமிருக்கக் காலம் முடிந்தாலும் சரி, இரண்டாவது பை மூடப்படும். ஆனால் பல இணைப்புகளில் இணையம் நின்றுவிடுவதில்லை. டேட்டா திறந்திருந்தால் தொலைபேசி முதலாவது பையில் கைவைக்கத் தொடங்கும். அங்கே பக்கேஜ் விலை கிடையாது. பக்கேஜ் இல்லாமல் பாவிப்பதற்கென்று கம்பனி வைத்திருக்கும் தனிக் கட்டணம்தான் கழியும். ஒரு மெகாபைட்டுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும் அந்தக் கட்டணம், பக்கேஜில் ஒரு மெகாபைட்டுக்கு நாம் கொடுக்கும் விலையைவிடப் பொதுவாகப் பல மடங்கு கூடுதலானது.

“நாங்கள் பாவிக்கவில்லையே” என்று நாம் சொல்வது உண்மைதான். ஆனால் தொலைபேசி தானாகவே பாவிக்கிறது. வட்ஸ்அப் குழுக்களில் வரும் படங்களை இறக்குகிறது. உள்ளே இருக்கும் செயலிகளின் புதிய பதிப்புகளைக் கொண்டுவருகிறது. எடுத்த படங்களைச் சேமிப்பதற்கு மேலே அனுப்புகிறது. சார்ஜில் கிடக்கும் சும்மா நேரத்தில்தான் இவற்றில் பலவற்றைச் செய்யும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கடிதத்தில் “டேட்டா பாவிக்கவே இல்லை” என்று எழுதக்கூடாது. கம்பனியிடம் உள்ள பதிவு அதைப் பொய்யென்று காட்டினால், நமது நியாயமான மற்றக் கேள்விகளும் அதோடு சேர்ந்து விழுந்துவிடும்.

இன்னொரு சிக்கல் காலத்தை எண்ணுவதில் இருக்கிறது. “30 நாள்” என்பதை இரண்டு விதமாக எண்ணலாம். வாங்கிய மணியிலிருந்து முப்பது முழு நாட்கள் என்பது ஒன்று. வாங்கிய திகதியை முதலாம் நாளாக வைத்து, முப்பதாம் திகதியின் நள்ளிரவோடு முடிப்பது மற்றது. இரண்டாவது முறையில், காலை பத்து மணிக்கு வாங்கியவருக்குப் பத்து மணித்தியாலம் குறைந்துவிடும். அந்தப் பத்து மணித்தியாலமும் நாம் தூங்கும் இரவில் வருவதுதான் கெடுதி.

ஓர் உதாரணக் கணக்கு

விளங்குவதற்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்களும் தொகைகளும் இப்பாடத்துக்காக அமைத்தவை. உங்கள் கட்டணங்கள் வேறாக இருக்கும். கணக்குப் பார்க்கும் முறை மட்டும் மாறாது.

உறவினர் காணியில் கொட்டில் போட்டு வாழும் ஒரு தாயார், 2025 மே 5ஆம் திகதி காலை 10.20க்கு, சந்தியிலுள்ள கடையில் 30 நாள் டேட்டா பக்கேஜ் ஒன்று போடுவிக்கிறார். “30 நாட்களுக்குச் செல்லுபடியாகும்” என்று குறுஞ்செய்தி வருகிறது. முடியும் திகதியோ மணியோ அதில் இல்லை. ஜூன் 4ஆம் திகதி காலை வரை இருக்கும் என்று அவர் எண்ணுகிறார். அடுத்த பக்கேஜுக்காக ஜூன் 3ஆம் திகதி மாலை 6 மணிக்கு 500 ரூபா ரீலோட் செய்கிறார். மீதி 512 ரூபா 40 சதம் என்று செய்தி வருகிறது.

மறுநாள் காலை 6.10க்கு மரக்கறி வியாபாரியுடன் பேசுகிறார். அழைப்புக்கு 11 ரூபா 25 சதம் என்று திரையில் விழுகிறது. மீதியைப் பார்த்தால் 61 ரூபா 15 சதம். பெட்டியைத் திறந்து பார்க்க, அதிகாலை 5.48க்கு வந்த செய்தி ஒன்று கிடக்கிறது: உங்கள் டேட்டா பக்கேஜ் முடிவடைந்துவிட்டது.

முதல் வேலை, டேட்டாவை நிறுத்துவது. இல்லையென்றால் நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மிச்சமும் போய்விடும். இரண்டாவது வேலை, ஒன்றையும் அழிக்காமல் இருப்பது. ரீலோட் செய்தி, பக்கேஜ் போட்ட செய்தி, முடிந்ததாக வந்த செய்தி ஆகிய மூன்றுமே சாட்சிகள். அவற்றையும் மீதி காட்டும் திரையையும் படமெடுத்து வையுங்கள். படமெடுக்கத் தெரியாவிட்டால் திகதி, மணி, வாசகம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். செய்தியைச் சுருக்கி எழுத வேண்டாம்.

மூன்றாவதாக, தொலைபேசியே வைத்திருக்கும் கணக்கைப் பார்க்க வேண்டும். அன்ட்ரொயிட் தொலைபேசிகளின் Settings பகுதியில் Data usage என்ற இடம் உண்டு. எந்தச் செயலி எத்தனை மெகாபைட் பாவித்தது என்று அங்கே காட்டும். சாதாரணமாக அது ஒரு மாதக் கணக்கைத்தான் காட்டும். ஆனால் அந்தக் கணக்கு எந்தத் திகதியில் தொடங்க வேண்டும் என்பதை நாமே பல தொலைபேசிகளில் மாற்றலாம். தொடங்கும் திகதியை 4 என்று மாற்றினால், ஜூன் 4 நள்ளிரவுக்குப் பின் பாவித்தது மட்டும் தனியாக விழும். இதை அன்று காலையே செய்து படமெடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துச் செய்தால் பிற்பாடு பாவித்ததும் சேர்ந்து கணக்குக் கலங்கிவிடும். இரண்டு சிம் உள்ள தொலைபேசியானால் எந்தச் சிம்மின் கணக்கைப் பார்க்கிறோம் என்பதையும் கவனியுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு இது இலேசான வேலை.

நமது உதாரணத்தில் தொலைபேசி 92 மெகாபைட் என்று காட்டுகிறது. அதில் 70 செயலிகளின் புதிய பதிப்புகளை இறக்கியதற்கு, 22 வட்ஸ்அப்புக்கு.

நான்காவதாக, கம்பனியின் இலக்கத்துக்கு அழைத்து ஒரேயொரு கேள்வி கேட்க வேண்டும்: பக்கேஜ் இல்லாதபோது ஒரு மெகாபைட்டுக்கு வரியுடன் எவ்வளவு? 4 ரூபா என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். சொன்னவரின் பெயரையும் அழைத்த நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். முறைப்பாட்டுக்கு ஓர் இலக்கம் தரும்படி கேளுங்கள்.

இனிக் கணக்குப் பார்ப்போம். 512.40இலிருந்து 61.15ஐக் கழித்தால் 451.25. அதில் வியாபாரியுடன் பேசிய 11.25 நமக்குத் தெரிந்த செலவு. அதை நீக்கினால் விளக்கமில்லாமல் போனது 440 ரூபா. தொலைபேசி காட்டிய 92 மெகாபைட்டை 4 ரூபாவால் பெருக்கினால் 368. அப்படியானால் 72 ரூபாவை டேட்டா கணக்கில் போட முடியாது. அது வேறு எதற்கோ போயிருக்கிறது.

இந்தக் கணக்கு வரும்வரை, “440 ரூபா டேட்டாவுக்குப் போய்விட்டது” என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள், கம்பனியின் ஊழியர் உட்பட. இப்போது நமது கையில் ஒரு முறைப்பாடு அல்ல, இரண்டு இருக்கின்றன. 368 ரூபா, காலம் எப்போது முடிந்தது, எப்போது அறிவித்தீர்கள் என்ற கேள்வி. 72 ரூபா, இது என்ன என்ற கேள்வி. இரண்டுக்கும் விடை வேறு, நியாயமும் வேறு.

ஓர் எச்சரிக்கை. தொலைபேசியின் எண்ணிக்கையும் கம்பனியின் எண்ணிக்கையும் சதம் பிசகாமல் ஒத்துப்போவதில்லை. இரண்டும் ஒரே இடத்தில் நின்று எண்ணுவதில்லை. கம்பனி ஒவ்வொரு தடவைப் பாவனையையும் மேல் நோக்கி முழுமையாக்கவும் கூடும். ஆகவே 92க்கு 95 என்று கம்பனி சொன்னால் அதை வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம். 92க்கு 110 என்றால் கேட்கத்தான் வேண்டும்.

எழுதுவதற்கு முன் சிம் யாருடைய பெயரில்?

எமது குடும்பங்களில் இது பெரிய தடைக்கல். சிம் எடுத்த காலத்தில் அடையாள அட்டை தொலைந்திருந்ததால் தம்பியின் அட்டையில் எடுத்திருப்போம். மகன் வெளிநாடு போகும்போது தனது சிம்மைத் தாயிடம் விட்டுப்போயிருப்பான். தாம் பாவிக்கும் இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறது என்று தெரியாமலேயே பல வருடங்கள் பாவிப்பவர்களும் உண்டு. பதிவில் உள்ளவர் தவிர மற்றவருக்குக் கணக்கு விபரம் தரமாட்டோம் என்று கம்பனி சொல்லும். அது தவறும் அல்ல. உங்கள் கணக்கை இன்னொருவர் கேட்டால் கொடுக்கக்கூடாது அல்லவா?

ஆகவே பதிவில் உள்ளவரே கடிதத்தில் கையொப்பமிட வேண்டும். அவர் தூரத்தில் இருந்தால், “இந்த இலக்கத்தை இன்னார் பாவிக்கிறார். இந்த முறைப்பாடு பற்றிய விபரங்களை அவருக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்” என்று கையொப்பத்துடன் ஒரு சிறு கடிதமும், அடையாள அட்டையின் பிரதியும் அனுப்பச் சொல்லுங்கள். நாளடைவில் பதிவையே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

அடுத்தது முகவரி. பதிவில் பழைய ஊர் முகவரி இருக்கும். பதில் அங்கே போய்த் திரும்பிவிடும். கடிதத்தின் தலைப்பில் இப்போது தபால் கிடைக்கும் முகவரியை, வீட்டுக்காரர் பெயருடன் “மே/பா” என்று போட்டு எழுதி, பதிவிலுள்ள பழைய முகவரியைக் கடிதத்தின் உள்ளே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இரண்டும் இருந்தால்தான் எழுதியவரும் பதிவிலுள்ளவரும் ஒருவரே என்று அவர்களுக்கு விளங்கும்.

கடிதம்

நமது உதாரணத் தாயார் எழுதக்கூடிய கடிதம் இது. பெயர், இலக்கம் வரும் இடங்களை வெற்றிடமாக விட்டிருக்கிறோம்.

.................... (பெயர்)
மே/பா ...................., (தற்போதைய முகவரி)
09.06.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
.................... கம்பனி.

ஐயா / அம்மணி,

முற்கொடுப்பனவு இணைப்பு இலக்கம் ....................
2025 ஜூன் 3 இரவுக்கும் ஜூன் 4 காலைக்கும் இடையில் கழிக்கப்பட்ட ரூபா 440.00 தொடர்பானது
தொலைபேசி மூலம் தந்த முறைப்பாட்டு இலக்கம்: ....................

மேற்படி இணைப்பு எனது பெயரில் உள்ளது. எனது தேசிய அடையாள அட்டை இலக்கம் .................... . பதிவில் உள்ள எனது முகவரி .................... . இடம்பெயர்ந்து தற்போது மேலே தந்த முகவரியில் வசிக்கிறேன். பதிலை இம்முகவரிக்கு அனுப்பவும்.

05.05.2025 காலை 10.20க்கு 30 நாள் டேட்டா பக்கேஜ் ஒன்றைப் பெற்றேன். அதை உறுதிப்படுத்திய செய்தியில் முடியும் திகதியும் நேரமும் குறிப்பிடப்படவில்லை. 03.06.2025 மாலை 6.00க்கு ரூபா 500 ரீலோட் செய்தபோது எனது மீதி ரூபா 512.40. 04.06.2025 காலை 6.30க்கு மீதி ரூபா 61.15. இடையில் நான் எடுத்த ஒரே அழைப்புக்கு ரூபா 11.25 சென்றது. எஞ்சிய ரூபா 440.00 கழிந்ததற்கு எனக்கு விளக்கம் தரப்படவில்லை. பக்கேஜ் முடிந்ததாகச் செய்தி கிடைத்தது 04.06.2025 அதிகாலை 5.48க்கு.

ஜூன் 4 நள்ளிரவிலிருந்து காலை வரை 92 மெகாபைட் பாவிக்கப்பட்டதாக எனது தொலைபேசி காட்டுகிறது. பக்கேஜ் இல்லாதபோது ஒரு மெகாபைட்டுக்கு ரூபா 4 என்று உங்கள் ஊழியர் கூறினார். அதன்படி ரூபா 368.00 வருகிறது. மீதி ரூபா 72.00 எதற்கு என்று தெரியவில்லை.

பின்வருவனவற்றை எழுத்தில் அறியத்தரவும்: எனது பக்கேஜ் எந்தத் திகதி, எந்த நேரத்தில் முடிந்தது, அந்த நேரம் எனக்கு முன்கூட்டி எவ்வாறு அறிவிக்கப்பட்டது, அதன்பின் பிரதான மீதியிலிருந்து கழிக்கப்பட்ட ஒவ்வொரு தொகையினதும் நேரம், அளவு, கட்டண வீதம், ரூபா 72.00 எந்தச் சேவைக்குரியது, அச்சேவையை நான் எப்போது, எவ்வாறு கேட்டதாக உங்கள் பதிவில் உள்ளது.

நான் கேட்காத சேவைக்குரிய ரூபா 72.00ஐயும், முடிந்தது எனக்கு அறிவிக்கப்படுவதற்கு முன் டேட்டாவுக்காகக் கழிக்கப்பட்ட தொகையையும் எனது பிரதான மீதியில் திரும்பச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் பக்கேஜ் இல்லாத வேளையில் பிரதான மீதியிலிருந்து டேட்டாவுக்குக் கழியாதபடி செய்து தரவும்.

23.06.2025க்கு முன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
....................

இணைப்பு: குறுஞ்செய்திகளின் படங்கள் 3, மீதி காட்டும் படம் 1, டேட்டா பாவனைப் படம் 1, ரீலோட் பற்றுச்சீட்டின் பிரதி.

இக்கடிதம் ஏன் இப்படி?

“கொள்ளையடிக்கிறீர்கள்”, “ஏழைகளின் வயிற்றில் அடிக்கிறீர்கள்” என்ற சொற்கள் இதில் இல்லை. கோபம் நியாயமானதே. ஆனால் அப்படியான கடிதத்துக்கு, “ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்” என்ற ஒரு வரியைப் பதிலாக அனுப்பிவிட்டு அலுவலர் கோப்பை மூடிவிடலாம். “எத்தனை மணிக்கு முடிந்தது?” என்ற கேள்விக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. அதற்கு மணிதான் விடை.

நாம் கேட்ட நான்கு விபரங்களும் கம்பனியின் கணினியில் ஏற்கெனவே இருப்பவை. ஒவ்வொரு தடவை மீதியிலிருந்து காசு கழியும்போதும் நேரம், அளவு, தொகை என்று ஒரு பதிவு விழாமல் கழிக்கவே முடியாது. எனவே யாரும் புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருப்பதைப் பார்த்து எழுதினால் போதும். “விசாரித்து நடவடிக்கை எடுக்கவும்” என்று மட்டும் எழுதும்போது நாம் அவர்களிடம் எதைக் கேட்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

நமக்குப் பாதகமானதையும் கடிதம் மறைக்கவில்லை. 92 மெகாபைட் பாவிக்கப்பட்டது என்று நாமே சொல்கிறோம். அதைச் சொன்னதால்தான் 72 ரூபா தனியாகத் தெரிகிறது. நமது வசதிக்காக எண்களை உருட்டி, “கிட்டத்தட்ட 450 ரூபா” என்று எழுதினால் அந்தப் பலம் போய்விடும்.

மொழி பற்றியும் ஒரு சொல். தனியார் கம்பனிக்கும் தமிழிலேயே எழுதலாம். எங்களிடம் விளம்பரம் தமிழில் வருகிறதுதானே. ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று யாரிடமாவது காசு கொடுத்து எழுதுவித்து, அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையொப்பமிடுவதைவிட, விளங்கிய தமிழில் நான்கு பந்தி எழுதுவது மேல்.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியுடன் சேர்த்துக் குத்தி வையுங்கள். நகருக்குப் போகும் நாளில் கம்பனியின் கிளையில் நேரே கொடுப்பதானால், இரண்டாவது பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்காமல் வெளியே வர வேண்டாம். அடையாள அட்டையின் மூலத்தையோ பற்றுச்சீட்டின் மூலத்தையோ ஒருபோதும் கையளிக்க வேண்டாம். பிரதி போதும். மறைகுறி இலக்கங்களை யார் கேட்டாலும், கம்பனியின் ஆள் என்று சொல்லிக் கேட்டாலும், கொடுக்கக்கூடாது. “உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்று அழைப்பவன் பெரும்பாலும் கள்ளன்.

வரும் பதிலை வாசிப்பது

பதில் மூன்று விதமாக வரலாம். முதலாவது, தொலைபேசியில் அழைத்துப் பேசி முடிப்பது. பேசட்டும், நன்றாகக் கேளுங்கள். முடிவில், “இதைக் கடிதமாகவோ குறுஞ்செய்தியாகவோ அனுப்புங்கள்” என்று சொல்லுங்கள். இரண்டாவது, “உங்கள் பாவனைக்கேற்பவே கழிக்கப்பட்டுள்ளது” என்ற பொதுப்படையான கடிதம். அது பதில் அல்ல. கேட்ட நான்கு விபரங்களில் எவை தரப்படவில்லை என்று மட்டும் குறிப்பிட்டு, முதற் கடிதத்தின் பிரதியுடன் இரண்டாவது கடிதம் போடுங்கள்.

மூன்றாவது, விபரத்துடன் வரும் பதில். நமது உதாரணத்தில் அது இப்படி இருக்கிறதென்று வைப்போம்: பக்கேஜ் திகதிக் கணக்கில் ஜூன் 3 நள்ளிரவுடன் முடிந்தது. இரவு 12.40க்கும் 3.15க்கும் இடையில் 92 மெகாபைட், 368 ரூபா. 72 ரூபா என்பது வாரந்தோறும் கழியும் ஒரு செய்திச் சேவை. மே 28ஆம் திகதி தொலைபேசியில் தோன்றிய கேள்விக்குச் சம்மதம் அழுத்தப்பட்டதால் தொடங்கியது.

இப்போது நிலைமை தெளிவாகிவிட்டது. செய்திச் சேவையை முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரமும் 72 போகும். சின்னப் பிள்ளை திரையில் தெரியாமல் அழுத்தியிருக்கலாம். கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பவை அந்தக் கேள்வியில் தெளிவாகக் காட்டப்பட்டனவா, எந்த மொழியில் காட்டப்பட்டன என்று கேட்கலாம். கேட்காத சேவை என்ற முறைப்பாட்டில் பணம் திரும்ப வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

368 ரூபா கடினமானது. இதில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. பக்கேஜ் நள்ளிரவில் முடியும் என்று கம்பனி தனது நிபந்தனைகளில் வெளியிட்டிருந்தால், டேட்டாவும் திறந்திருந்தால், கட்டணமும் அறிவித்தபடியே இருந்தால், கழித்தது பிழை என்று நிறுவுவது கஷ்டம். நமக்கு இருக்கும் பிடி, அறிவித்தல்தான். பாவனை 3.15க்கு முடிந்துவிட்டது. செய்தி வந்ததோ 5.48க்கு. உறுதிப்படுத்திய செய்தியிலும் முடியும் நேரம் இல்லை. காசு போனபின் வந்த அறிவித்தலால் எமக்கு என்ன பயன் என்று கேட்கும் நியாயம் நம்மிடம் உண்டு. முன்தினமே செய்தி அனுப்பப்பட்டதாகக் கம்பனி காட்டி, அது உங்கள் பெட்டியிலும் இருந்தால், அந்தப் பகுதியை விட்டுவிடுவதே நேர்மை.

பணத்துக்குப் பதிலாக இலவச டேட்டா தருவதாகவும் சொல்லலாம். ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் அந்த டேட்டாவுக்கும் ஒரு காலம் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஏற்பதானால் அது முடியும் திகதியையும் மணியையும் கேட்டுக் குறித்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதே கதை இன்னொரு இரவில் நடக்கும்.

ஆணைக்குழுவுக்குப் போவது

கம்பனி பதிலே தராவிட்டால், அல்லது தந்த பதில் கேள்விக்கு விடையாக இல்லாவிட்டால், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தை 1996இல் திருத்தியபோது இவ்வாணைக்குழு அமைக்கப்பட்டது. தொலைபேசிச் சேவை பற்றிப் பொதுமக்கள் செய்யும் முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரம் இதற்கு உண்டு. முகவரி: 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 08. 1900 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். இது அரச நிறுவனம். தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது.

ஆணைக்குழு உங்களிடம் முதலில் கேட்பது, “கம்பனியிடம் முறையிட்டீர்களா?” என்பதாகவே இருக்கும். அதனால்தான் பதிவுத் தபால் பற்றுச்சீட்டைக் குத்தி வைக்கச் சொன்னோம். இங்கே மீண்டும் முழுக் கதையையும் எழுதத் தேவையில்லை. ஒரு பக்கம் போதும்: எந்தத் திகதியில் கம்பனிக்கு எழுதினேன், எந்தத் திகதியில் என்ன பதில் வந்தது, எந்தக் கேள்விக்கு இன்னும் விடையில்லை, என்ன பரிகாரம் கேட்கிறேன். கீழே கம்பனிக்கு எழுதிய கடிதத்தின் பிரதி, அதன் பதில், படங்களின் பிரதிகள். இக்கடிதத்தின் ஒரு பிரதியைக் கம்பனிக்கும் அனுப்பி, “பிரதி: .................... கம்பனி” என்று அடியில் குறிப்பிடுங்கள்.

காலம் எடுக்கும். இடையில் கொட்டிலை மாற்ற நேரிட்டாலோ சொந்தக் காணிக்குத் திரும்ப நேர்ந்தாலோ, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிப்பிட்டு, புதிய முகவரியை ஒரு தபாலட்டையில் எழுதி இரண்டு இடங்களுக்கும் போட்டுவிடுங்கள்.